கடைமடை களிக்கின்றது: சேதுப்பிள்ளையின் குரலில் எழுதிப் பார்த்ததில் தெரிந்தவை

சில ஆண்டுகளுக்கு முன் சின்னமனூரில் ஒரு விழா மலருக்காக ஊரைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். என்னிடம் ஏற்கெனவே பாசனம் பற்றிய குறிப்பு ஒன்று இருந்தது. ஆராய்ச்சிக் குறிப்புக்கு எழுதிய உரைநடை, வறண்டுபோய்க் கிடந்தது. கேட்டவரோ, "நல்லா ரா.பி.சேதுப்பிள்ளை மாதிரி இருக்கணும் சார்" என்றார். எனக்கும் ஆசைதான். பள்ளிக்கூடத்திலிருந்து காதில் தங்கிப்போன குரல் அது. ஒரு ராத்திரி உட்கார்ந்து குறிப்பில் இருந்த ஒரு பத்தியைச் சேதுப்பிள்ளை நடைக்கு மாற்றினேன். அச்சில் வந்தது. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

சித்தப்பா மட்டும் மலரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏப்பா, கடைமடை களிக்குதுன்னு எழுதியிருக்கியே, கிணத்துத் தண்ணியில விட்ட நாத்து முத்திப்போயி மாட்டுக்கு அறுத்துப் போட்டோமே, அது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. நான் எழுதிய மூலப் பத்தியில் அந்தச் செய்தி இருந்தது. நடையை மாற்றியபோது காணாமல் போயிருந்தது. காணாமல் போனதோடு நிற்காமல், நேர் எதிராக மாறியிருந்தது. பொய் எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. அப்படியென்றால் அந்தப் பொய்யை எழுதியது யார்? இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போனதுதான்.

முதலில் மூலப் பத்தியை அப்படியே தருகிறேன்.

"முல்லைப் பெரியாறு அணையில் போதுமான நீர் இருந்தால், கம்பம் பள்ளத்தாக்கின் முதல்போக நெல் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் 1 அன்று தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. இதனால் 14,707 ஏக்கர் இருபோக நிலம் பாசனம் பெறுகிறது. அணையின் நீர்மட்டம் 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 142 அடி வரை தேக்க அனுமதிக்கப்பட்டது. மேல்மடைக்காரர்கள் எடுத்ததுபோகத்தான் கடைமடைக்குத் தண்ணீர் வருகிறது என்பதால், சில ஆண்டுகளில் வாய்க்காலின் கடைசி வயல்களில் நடவு இரண்டு, மூன்று வாரம் தள்ளிப்போகிறது."

அழகான பத்தி என்று சொல்ல மாட்டேன். 'படுகிறது', 'பட்டது' என்று முடிகிற வினைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பொறுப்பைச் சுமக்கிறது. முதல் வாக்கியத்தில் 'இருந்தால்' என்ற நிபந்தனை, இரண்டாவதில் எண், மூன்றாவதிலும் நான்காவதிலும் நீண்ட வழக்கின் சுருக்கம், ஐந்தாவதில் 'சில ஆண்டுகளில்' என்ற வரையறை.

இதை நான் மாற்றி எழுதி அச்சில் வந்தது இது:

"மேலைக்கடலை நாடி விரைந்தோடிய பேரியாறு, இன்று கம்பம் பள்ளத்தாக்கிலே கால்வைத்துக் கழனியெல்லாம் கொழிக்கச் செய்கின்றது. வைகாசி வெயில் வாட்டும் வேளையிலே மலை தந்த நீர் மடை திறந்து பாய்கின்றது. காய்ந்து கிடந்த கழனிகள் கண் திறக்கின்றன. ஓய்ந்து கிடந்த ஏர்கள் உழவுக்கு எழுகின்றன. கரை தழுவிக் கால்வாய் ஓடுகின்றது, கடைமடையும் களிக்கின்றது. இத்துணை வளம் தந்த அணையை வாழ்த்தாதார் யார்?"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'இருந்தால்' போய்விட்டது, தண்ணீர் ஆண்டுதோறும் தவறாமல் வருவதுபோல் ஆகிவிட்டது. ஏக்கர் கணக்கு போய் 'கழனியெல்லாம்' வந்துவிட்டது. 1979, 2014, 136, 142 நான்கும் சுவடே இல்லை. கடைசி வாக்கியம் தலைகீழாகிவிட்டது.

தலைகீழானது எப்படி என்பதை என் கையெழுத்துப் பிரதியில் தேடிப் பார்த்தேன். அடித்துத் திருத்திய இடங்கள் அதில் இருந்தன. "கரை தழுவிக் கால்வாய் ஓடுகின்றது" என்று எழுதிவிட்டு, அதற்கு இணையாக இன்னொரு சிறுவாக்கியம் தேடியிருக்கிறேன். கடைமடையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் அது. முதலில் 'கடைமடை காத்திருக்கின்றது' என்று எழுதி அடித்திருக்கிறேன். மோனை அதிலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் கொழித்தது, பாய்ந்தது, கண் திறந்தது, எழுந்தது என்று மேல்நோக்கிப் போகிற வினைகளாகவே வந்திருந்தன. அந்த ஏறுமுகத்தில் 'காத்திருக்கின்றது' கல் தடுக்கியது போல் இருந்தது. 'களிக்கின்றது' என்று மாற்றியதும் வாக்கியம் தடையில்லாமல் ஓடியது. ஓசை கேட்டதை நான் கொடுத்திருக்கிறேன். வயலில் என்ன நடந்தது என்று அந்த நிமிடத்தில் யோசிக்கவில்லை.

இது சேதுப்பிள்ளையின் குற்றமா? அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்கத்தான் முதலில் பார்த்தேன். அதற்காகவே அவரை மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.

படித்த முறையைச் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் இளைஞனாக இருந்தபோது, இங்கிலாந்தில் அடிசனும் ஸ்டீலும் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' இதழின் தொகுதி ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதிலிருந்த கட்டுரைகளைப் பார்த்து எழுதப் பழகியதை அவர் தன் வரலாற்றில் விவரிக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாள் ஒதுக்கி வைத்துவிடுவார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துக் கட்டுரையைத் தன் சொற்களில் எழுதுவார். கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் தவறுகளைத் திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து ஒழுங்கான வரிசையைத் தானே கண்டுபிடிக்க முயல்வார். சொல்வளம் போதவில்லை என்பது முதல் பயிற்சியில் தெரிந்தது. எண்ணங்களை வரிசைப்படுத்தக் கற்றுக்கொடுத்தது இந்தக் கடைசிப் பயிற்சி.

நான் இதில் கவனித்தது ஒன்று. பிராங்க்ளின் அடிசனின் கருத்தை வைத்துக்கொண்டு அடிசனின் நடையைப் பழகினார். கருத்தும் நடையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. நான் செய்ததோ என் கருத்தை எடுத்து வேறொருவர் நடையில் ஊற்றியது. முதலாவதில் தப்பினால் நடை மட்டும்தான் கெடும். இரண்டாவதில் தப்பினால் கருத்தே கெட்டுப்போகும்.

சரி, நாமும் முதலாவதைச் செய்து பார்ப்போம் என்று சேதுப்பிள்ளையின் கட்டுரைகள் சிலவற்றைக் குறிப்பெடுத்து, ஒரு வாரம் மூடிவைத்து, திரும்ப எழுதி ஒப்பிட்டேன். பிறர் சொல்லிக் கேட்டிருந்த 'எதுகை, மோனை, அடுக்குமொழி' என்ற மூன்று சொற்களுக்கு அப்பால் சில விஷயங்கள் அப்போதுதான் பிடிபட்டன.

ஒன்று, அவருடைய வாக்கியங்களில் செயல் செய்பவர் இருப்பார். ஊர், ஆறு, மன்னன், புலவன், மக்கள் என்று யாராவது ஒருவர் எழுவாயாக நின்று வினையைச் செய்வார்கள். நம்முடைய அலுவலக உரைநடையில் நிறைந்திருக்கும் 'திறந்துவிடப்படுகிறது' வகை வினைக்கு அங்கே அதிக வேலை இல்லை.

இரண்டு, அவருடைய கேள்விகள். பத்தியின் கடைசியில் 'யார்?', 'உண்டோ?' என்று வருகிற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கும். அவர் சட்டம் படித்து நெல்லையில் வழக்கறிஞராக இருந்தவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். சாட்சியை ஒரே பதிலை நோக்கி நடத்திக்கொண்டு போகிற கேள்வி அது. மேடையில் ஆயிரம் பேர் முன்னால் அந்தக் கேள்வி விழும்போது கூட்டம் மனசுக்குள் பதில் சொல்லிவிடும். அந்தப் பதிலோடு விவாதம் முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. அவருக்கு ஒரே குரல் இல்லை. மேடைச் சாயல் உள்ள கட்டுரைகளில் ஒரு குரல். 'ஊரும் பேரும்' நூலில் வேறு குரல். ஊர்ப்பெயர்களை ஆராய்கிற அந்த நூலில் வாக்கியங்கள் அடங்கி நடக்கின்றன. கல்வெட்டுச் சான்றும் பாடல் சான்றும் அடிக்குறிப்பில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. உறுதியில்லாத இடத்தில் நின்று பேசத் தமிழில் 'என்பர்', 'போலும்', 'என்று கருதலாம்' என்ற சொற்கள் இருக்கின்றன. அந்தக் குரலில் அவற்றுக்கு இடம் உண்டு. அதாவது நான் தொலைத்த 'இருந்தால்' அவரிடம் வேறு உருவத்தில் இருக்கிறது. நான்தான் மைக் முன்னால் நிற்கும் சேதுப்பிள்ளையை மட்டும் சேதுப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பார்த்து எழுதுகிறவன் வழக்கமாக விழுகிற குழி இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு எழுத்தாளரின் நடையில் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டுத் தெரிகிற கூறுகளைத்தான் காது முதலில் பிடிக்கும். அவற்றை மட்டும் அள்ளி ஒரே பத்தியில் போட்டால், அவர் பத்துப் பக்கத்தில் பரப்பிய அலங்காரம் பத்து வரியில் வந்து குவிகிறது. என் பத்தியில் மோனை இல்லாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அவர் கட்டுரை எதையும் எடுத்துப் பாருங்கள், சும்மா நடக்கிற வாக்கியங்கள் நடுநடுவே வந்துகொண்டே இருக்கும். அவை இருப்பதால்தான் அலங்கார வாக்கியம் எடுபடுகிறது.

இன்னொரு விபத்தையும் சொல்கிறேன். 'பேரியாறு' என்று நான் எழுதியதை மலருக்கு மெய்ப்புப் பார்த்தவர் 'பெரியாறு' என்று திருத்திவிட்டார். கடைசி நிமிடத்தில் பார்த்து மறுபடி மாற்றினேன். அவரைக் குறை சொல்ல முடியாது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் மலைவளம் காணப் போய்த் தங்கியது பேரியாற்றங்கரையில் என்று படித்தவருக்குத்தான் அந்த ஒரு எழுத்தில் ஒரு காப்பியம் கேட்கும். கூடலூருக்கு மேலே மலையுச்சியில் கண்ணகி கோட்டம் இருப்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சித்திரை முழுநிலவுக்கு ஏறிப் போகிறவர்களும் நிறைய. ஆனால் 'பேரியாறு' என்ற சொல்லை அந்த மலையோடு சேர்த்துக் கேட்பது வேறு பழக்கம். சேதுப்பிள்ளை பழைய பாடல் அடிகளை மேற்கோள் குறியில்லாமலே தன் வாக்கியத்தில் கரைத்துவிடுவார். கேட்டவர்களில் பலருக்கு அந்த அடிகள் முன்பே தெரியும். நடையில் பாதி அவர் எழுதியது என்றால், மீதிப் பாதி கேட்பவர் நினைவில் இருந்தது. அந்த மீதிப் பாதியை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்? எழுத்தை நகல் செய்யலாம், கேட்பவரை நகல் செய்ய முடியாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு பத்தியை மறுபடி எழுத உட்கார்ந்தேன். இந்த முறை எழுதுவதற்கு முன்னால் ஒரு துண்டுத்தாளில், நடை எப்படி மாறினாலும் மாறக் கூடாதவை என்று ஐந்தை எழுதி வைத்துக்கொண்டேன். ஜூன் 1 என்பது நீர் இருந்தால் மட்டும். நிலம் 14,707 ஏக்கர். நீர்மட்டம் 136 ஆகக் குறைந்ததும் 142 ஆக உயர்ந்ததும், அந்தந்த ஆண்டோடு. கடைமடைக்கு மிச்சம்தான் வருகிறது. எல்லா ஆண்டும் அல்ல, சில ஆண்டுகளில். குரல் 'ஊரும் பேரும்' பக்கத்துக் குரல். வந்தது இது:

"சின்னமனூரின் பழம்பெயர் அரிகேசரிநல்லூர் என்பர். அரிகேசரி என்பது பாண்டியர் தாங்கிய பட்டப்பெயர். அந்நல்லூரின் வயல்களுக்கு இன்று நீர் தருவது முல்லைப் பெரியாறு. அணையில் நீர் நிறைந்த ஆண்டில், ஜூன் முதல் நாளில் மடை திறக்கும். குறைந்த ஆண்டில் உழவர் காத்திருப்பர். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இந்நீரை நம்பியுள்ளது. ஆயினும், நம்பிய நிலமெல்லாம் ஒருநாளில் நனைவதில்லை. சில ஆண்டுகளில், தலைமடை நடவு முடித்துத் தலைநிமிரும் வேளையில் கடைமடை நாற்றைக் காத்து நிற்கும்."

எனக்கு இது பரவாயில்லை என்று தோன்றியது. முன்பு என்னை ஏமாற்றிய அதே மோனை இங்கே உண்மைக்கு வேலை செய்கிறது. தலைமடை, தலைநிமிர்தல், கடைமடை, காத்து நிற்றல். இரண்டு மடைக்கும் உள்ள வேற்றுமை இரண்டு ஓசையாகக் கேட்கிறது. முன்னால் அடித்துப் போட்ட 'காத்திருத்தல்' கடைசியில் தன் இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. 'என்பர்', 'சில ஆண்டுகளில்', 'ஆயினும்' மூன்றும் இந்தக் குரலுக்கு ஒட்டாத சொற்கள் அல்ல.

மாற்றி எழுதியதால் மூலப் பத்திக்கே ஒரு நன்மையும் கிடைத்தது. "நீர்மட்டம் குறைக்கப்பட்டது" என்ற வாக்கியத்தைச் செய்வினையாக்கப் போனேன். எழுவாய் வேண்டியிருந்தது. யார் குறைத்தது? என் குறிப்பில் பதில் இல்லை, கேள்வியே இல்லை! போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. 1979இல் அணையின் உறுதி பற்றிய அச்சம் கேரளத்தில் எழுந்தது. மத்திய நீர் ஆணையம் தலையிட்டு ஆலோசனை சொன்னது. அணையைப் பலப்படுத்தும் பணிகளுக்காக, அணையை இயக்கிவந்த தமிழ்நாடு நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கியது. மறுபடி ஏற்றுவதுதான் பெரும் வழக்காக நீண்டது. 'பட்டது' என்ற ஒரு விகுதி இத்தனை பேரையும் மறைத்து வைத்திருந்தது. பழைய நடை அந்தத் திரையை விலக்க வைத்தது. இதற்காக மட்டுமே கூட, நாம் எழுதிய பத்தியை ஒரு தடவை பழைய கட்டுரையாளர் ஒருவரின் குரலில் எழுதிப் பார்க்கலாம் என்பேன்.

ஆனால் துண்டுத்தாளில் இருந்த ஐந்தில் மூன்றாவது இந்தப் பத்தியில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன், உள்ளே வர மறுத்தது.

காரணத்தை யோசித்தேன். எண்களை எழுதுவதில் சிக்கல் இல்லை. 14,707 வந்து உட்கார்ந்துவிட்டதே. சிக்கல் தீர்ப்பின் தன்மையில் இருக்கிறது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. 2014 தீர்ப்பு அனுமதித்தது 142. ஒரு தரப்புக்கு இது பத்தடி குறைவு, இன்னொரு தரப்புக்கு ஆறடி அதிகம். இரு மாநிலத்தாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சேதுப்பிள்ளையின் குரலில் நீதிமன்றம் என்ற சொல் நுழைந்ததும் பக்கத்தில் மனுநீதிச் சோழன் வந்து நிற்கிறான். 'நீதி நிலைநாட்டப்பெற்றது' என்று வாக்கியம் தானாகவே முடிந்துகொள்கிறது. பாதி வழியில் நிற்கிற ஒரு முடிவை, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்தி அடையாத ஒரு எண்ணை, அந்த நடையில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அவருக்கு அப்படி எழுத வேண்டிய தேவை வரவில்லை. அவர் எழுதியது தமிழரிடம் தமிழின் பெருமையை எடுத்துச் சொல்ல. எதிர்த்தரப்பு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் பேசுவதற்காக அந்தக் குரல் உருவாகவில்லை.

இதுதான் நான் கண்ட எல்லை. ஒரு நடை என்பது சொற்களின் மேல் பூசுகிற நிறம் மட்டும் என்றால் எதையும் எதிலும் எழுதிவிடலாம். ஆனால் ஒவ்வொரு நடைக்குள்ளும் அதைக் கேட்கப் போகிறவர் யார், அவர் எதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்ற கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் அடங்காத செய்தியைப் போட்டால், நடை அதை வெளியே தள்ளும், அல்லது தனக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளும். என் கடைமடைக்கு நடந்தது இரண்டாவது.

சேதுப்பிள்ளையே இதே விளையாட்டை விளையாடியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கடற்கரையினிலே' நூலில் இளங்கோவடிகள் போன்ற பழையவர்களைக் கடற்கரையில் கொண்டுவந்து நிறுத்திப் பேச வைக்கிறார். ஒவ்வொருவரும் தன் காலத்தையும் தன் ஊரையும் பேசுகிறார். ஆனால் எல்லார் தொண்டையிலும் சேதுப்பிள்ளையின் குரல்தான். அவர் அதை மறைக்கவுமில்லை. இளங்கோவின் நடையில் எழுத அவர் முயலவே இல்லை. இளங்கோ பார்த்ததைத் தன் குரலில் சொன்னார். நான் செய்ததற்கு நேர் எதிர் திசை. பழையவரின் கண்ணை வாங்கிக்கொண்டு தன் வாயால் பேசுவது ஒன்று. பழையவரின் வாயை வாங்கிக்கொண்டு தன் கண் பார்த்ததைச் சொல்வது இன்னொன்று. முதலாவதில் அவர் வென்றார் என்றே நினைக்கிறேன். இரண்டாவதில் நான் சறுக்கினேன்.

எங்கள் ஊர்ச் செப்பேடுகளை வைத்தும் இதை யோசிக்கலாம். சின்னமனூர் என்றால் வரலாறு படித்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது பாண்டியர் செப்பேடுகள்தான். அந்தக் காலத்துத் தானச் செப்பேடுகளின் அமைப்பைப் பாருங்கள். மன்னர் குலத்தைப் புகழும் பகுதி ஒரு நடையில் இருக்கும். கடலைத் தாண்டும், மலையைத் தாண்டும். எந்த நிலம் கொடுத்தது, நாற்புறமும் எல்லை எது என்று சொல்லும் இடம் வந்ததும் நடை இறங்கிவிடும். இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்ன மரத்துக்கு மேற்கு என்கிற மாதிரி. புகழ்ச்சியில் ஒரு சொல் கூடிப்போனால் யாருக்கும் நட்டமில்லை. எல்லையில் ஒரு சொல் தப்பினால் யாரோ ஒருவர் வயல் போய்விடும். ஒரே செப்பேட்டில் இரண்டு நடையும் அடுத்தடுத்து இருக்கலாம். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யக் கூடாது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் மூலப் பத்தியில் 'கடைமடைக்கு இரண்டு, மூன்று வாரம் தள்ளிப்போகிறது' என்பது எல்லை சொல்லும் வாக்கியம். நான் அதைப் புகழ் பாடும் நடையில் எழுதிவிட்டேன்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். யாருடைய நடையிலாவது எழுதிப் பார்க்கும் ஆசை வந்தால் முதலில் அந்தத் துண்டுத்தாள். எழுதி முடித்ததும், மாற்றிய பத்தியை மட்டும் பார்த்து, மூலத்தைப் பார்க்காமல், பேச்சுத்தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். அப்படிச் சொல்லியிருந்தால் அச்சில் வந்த அந்தப் பத்தி, "அணையிலேர்ந்து தண்ணி வருது, எல்லா வயலும் விளையுது, கடைசி வயல்காரனும் சந்தோசமா இருக்கான், அணையை எல்லாரும் வாழ்த்துறாங்க" என்று வந்திருக்கும். இதைச் சின்னமனூர் டீக்கடையில் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. இரண்டாவது பத்தியைத் திருப்பிச் சொன்னால், "தண்ணி இருந்தா ஜூன் ஒண்ணாந்தேதி திறப்பாங்க, இல்லேன்னா காத்திருக்கணும், தலைமடைக்காரன் நட்டு முடிச்சப்புறமும் சில வருசம் கடைமடைக்காரன் நாத்தை வச்சுக்கிட்டு நிக்கிறான்" என்று வருகிறது. இதைச் சொல்லலாம்.

நீர்மட்டம் பற்றிய வாக்கியத்தை என் சொந்த வறட்டு நடையிலேயே, இரண்டாவது பத்திக்குக் கீழே தனியாக வைத்துவிட்டேன்; 'குறைக்கப்பட்டது' என்பதை மட்டும் 'தமிழ்நாடு குறைத்தது' என்று மாற்றினேன். குரல் அந்த இடத்தில் ஒடிவது நன்றாகவே தெரிகிறது. அது தெரியட்டும் என்றே விட்டிருக்கிறேன்.

திருத்திய பத்தியைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "தலைமடை தலைநிமிருதுன்னு போட்டது சரிதான். ஆனா நாத்து இருவத்தஞ்சு நாள்ல பறிக்கணும், நாப்பது தாண்டிட்டா தூர் கட்டாது. அதையும் சேத்து எழுது" என்றார்.

அதைச் சேதுப்பிள்ளை குரலில் எழுத இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.